சிறுநீர் நிறம் பொய் சொல்லும்: அரிவாள் அணு நோயில் ஊட்டச்சத்தை அளப்பது

ஒன்பது வயதுப் பையன். உயரம் 121.5 சென்டிமீட்டர், எடை 20.5 கிலோ. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். அம்மாவின் கையில் ஒரு பழைய நோட்டு, அதில் மருத்துவமனையில் சேர்த்த தேதிகள் வரிசையாக. கடந்த ஓராண்டில் நான்கு முறை. அரிவாள் அணு நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து சாப்பிடுகிறான், கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை. அம்மாவுக்கு இரண்டு கேள்விகள்: "பையன் வளரவே மாட்டேங்கறான், சத்துக் குறைவா மேடம்? எந்த டானிக் குடுக்கலாம்?"

இவன் ஒரே பையன் அல்ல. ஊட்டச்சத்து ஆலோசகராக நான் பார்த்த பல குழந்தைகளைச் சேர்த்துப் பிசைந்து உருவாக்கியவன். அவனை வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் எளிதாகும். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல உயரம், எடை, சிறுநீர், ரத்தப் பரிசோதனைத் தாள் என்று எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். சிக்கிள் செல் என்று எல்லோரும் சொல்லும் அரிவாள் அணு நோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சீக்கிரம் உடைகின்றன, ரத்தக்குழாய்களை அடைத்து வலி தருகின்றன. ஆனால் இந்த நோயில் ஒரு சிக்கல் உண்டு. மற்றக் குழந்தைகளிடம் நம்பிப் படிக்கும் அளவுகோல்கள் பலவற்றை இந்த நோயே வளைத்துவிடுகிறது. எண் சரியாகவே இருக்கும், அதன் பொருள் மாறியிருக்கும்.

முதலில், இந்த உடம்பு ஏன் இவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரணச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அரிவாள் அணுவின் ஆயுள் 10 முதல் 20 நாள். அதனால் எலும்பு மஜ்ஜை பல மடங்கு வேகத்தில் புதிய அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. புரதம் கட்டப்படுவதும் உடைவதும் வேகமாக நடக்கிறது, இரத்தசோகையை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கிறது. சும்மா படுத்திருக்கும்போதே இவர்கள் செலவழிக்கும் ஆற்றல் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆக, அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் ஒரே அளவு சாப்பிட்டாலும் இவனுக்கு மட்டும் பற்றாக்குறை வரலாம். "நல்லாத்தான் சாப்பிடறான்" என்று அம்மா சொல்வது பொய்யில்லை.

அதற்கு மேல் வலி நாட்கள். வலி தொடங்குவதற்கு முன்பே பசி குறையும், மருத்துவமனையில் இன்னும் குறையும், வீடு திரும்பியும் சில நாள் மந்தமாகவே இருக்கும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நாள் என்று வைத்தால் நான்கு தடவைக்கு 48 நாள். ஆண்டில் ஒன்றரை மாதம் இந்தப் பையன் அரை வயிற்றோடு இருந்திருக்கிறான். "நேற்று என்ன சாப்பிட்டாய்" என்று மட்டும் கேட்கும் உணவுக் கணக்கெடுப்பில் இந்த ஒன்றரை மாதம் சிக்கவே சிக்காது. எனவே நல்ல நாளின் உணவையும் வலி நாளின் உணவையும் தனித்தனியாகக் கேட்பதே என் வழக்கம்.

உயரம்: ஒரு புள்ளி போதாது

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒன்பது வயது ஆண் குழந்தையின் நடு உயரம் 132.6 செ.மீ. குள்ளம் என்று கணக்கில் சேர்க்கும் கோடு, அதாவது நடுவிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் கீழே, 120.5. நம் பையன் 121.5. கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கிறான். கணினித் திரையில் பச்சை நிறம்தான் காட்டும். இங்கேயே பலர் கோப்பை மூடிவிடுவார்கள்.

அம்மாவின் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. ஏழு வயதில் 113.5, எட்டு வயதில் 117.9, இப்போது 121.5. முதல் ஆண்டில் 4.4 செ.மீ., அடுத்த ஆண்டில் 3.6. பருவமடையாத இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவுக்காவது எதிர்பார்ப்போம். ஏழு வயதில் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரைத் திட்டவிலக்கம் கீழே இருந்தவன் இப்போது 1.8 கீழே. கோட்டைத் தாண்டவில்லை, கோட்டை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறான். எனக்குக் கவலை தருவது அந்தச் சரிவுதான், 121.5 என்ற எண் அல்ல.

சரிவை நம்ப வேண்டுமானால் அளவு நம்பகமாக இருக்க வேண்டும். காலையில் நிற்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும். காலணி, முடி முடிச்சு, வளைந்த முழங்கால் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். ஒரே கருவியில், ஏறக்குறைய அதே நேரத்தில், மூன்று முறை அளந்து சராசரி எடுப்பேன். இரண்டு அளவுகளுக்கு நடுவே ஆறு மாதமாவது இடைவெளி இல்லாவிட்டால் வளர்ச்சி வேகம் கணக்கிடுவதில்லை. ஒரு மாதத்தில் அரை செ.மீ. கூடியது என்பது வளர்ச்சியாகவும் இருக்கலாம், அளந்தவர் மாறியதாகவும் இருக்கலாம்.

அடுத்து பெற்றோர். அப்பா 170, அம்மா 157. இரண்டையும் கூட்டி, ஆண் குழந்தை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 170. பெரியவனானதும் இவன் எட்டக்கூடிய உயரம் அதைச் சுற்றி இருக்கும். அட்டவணையில் அது நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு திட்டவிலக்கத்துக்குள். ஆக, "குடும்பமே குட்டை" என்பது இவனுடைய நிலைமையில் பாதியை விளக்குகிறது, மீதியை விளக்கவில்லை.

இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஏழு என்று வந்தது. ஏழு வயதுப் பையனின் நடு உயரம் 121.7. நம் பையன் 121.5. எலும்பின் வயதுக்கு உயரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரிவாள் அணு நோயில் அடிக்கடி காண்பது இதைத்தான். பிறக்கும்போது எடை சாதாரணமாகவே இருக்கும். கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் குறையக் குறைய, முதல் இரண்டாண்டுகளுக்குள் வளர்ச்சி பின்தங்கத் தொடங்கும். உயரத்தைவிட எடை அதிகம் அடிவாங்கும். பருவமடைவது தள்ளிப்போகும். வகுப்பில் மற்றவர்கள் சட்டென்று உயரும்போது இடைவெளி பெரிதாகத் தெரியும். எலும்பின் முனைகள் தாமதமாக மூடுவதால் பிறகும் வளர அவகாசம் கிடைக்கிறது, பலர் பெரியவர்களாகும்போது சாதாரண உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

இந்த நல்ல செய்தியே ஆபத்தானதும்கூட. "இது வெறும் தாமதம், தானே சரியாகும்" என்று எலும்பு வயதைக் காட்டிச் சொல்லிவிடலாம். சாதாரணத் தாமதத்தில் குழந்தை தன் கோட்டிலேயே மெதுவாக, சீராக நடக்கும். ஆண்டுக்கு 3.6 செ.மீ. சீரான நடை அல்ல. ஆகவே தைராய்டு பரிசோதனை, அடிக்கடி ரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் இரும்புச் சேர்க்கை, குறட்டையும் மூச்சுத் தடையும் இருக்கிறதா என்ற கேள்வி, இவை மருத்துவரிடம் போக வேண்டும். ஊட்டச்சத்து என்ற ஒரே சட்டையை எல்லாவற்றுக்கும் மாட்டக் கூடாது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணீரல் வீங்கிய குழந்தையின் எடையில் மண்ணீரலும் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனையில் சிரைவழித் திரவம் ஏற்றிய மறுநாள் எடுத்த எடையில் அந்தத் திரவமும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பையனின் உடல் நிறை குறியெண் 13.9, வயதுக்கான நடு அளவு 16, கீழ்க்கோடு 13.5. இங்கேயும் கோட்டுக்குச் சற்று மேலேதான். மேற்கையின் நடுச்சுற்றளவை நாடாவால் அளப்பதை நான் விடுவதே இல்லை. வயிற்றில் இருப்பது எதுவும் கையில் ஏறாது.

தண்ணீர்: கண்ணாடி போன்ற சிறுநீர்

"தண்ணியெல்லாம் நிறைய குடிக்கிறான் மேடம், யூரின் வெள்ளையாத்தான் போகுது. ஆனா ராத்திரி படுக்கைய நனைச்சிடறான். அதான் ஆறு மணிக்கு மேல குடுக்கறதில்ல." இந்த மூன்று வரிகளில் அரிவாள் அணு நோயின் சிறுநீரகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பிலேயே உப்புச் செறிவு மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த, அமிலத்தன்மை கொண்ட இடம். சிவப்பணு அரிவாளாக வளைவதற்கு இதைவிட வசதியான இடம் உடம்பில் இல்லை. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிறு வயதிலேயே அடைபட்டுச் சேதமடைகின்றன. சிறுநீரைச் செறிவாக்கும் வேலை நடப்பதும் அங்கேதான். கரைந்திருக்கும் பொருள்களை எண்ணும் அலகு மில்லியாஸ்மோல்; சாதாரணச் சிறுநீரகம் தேவைப்பட்டால் லிட்டருக்கு 1000 மில்லியாஸ்மோலுக்கு மேல் செறிவாக்கும். இவர்களுக்கு அது 400 முதல் 450-ஐ ஒட்டி நின்றுவிடும்.

இதைக் கணக்காகப் போட்டால் புரியும். ஒரு நாளில் இந்தப் பையன் சிறுநீர் வழியாக வெளியேற்ற வேண்டிய உப்பும் யூரியாவும் மற்றக் கரைபொருள்களும் சேர்ந்து 400 மில்லியாஸ்மோல் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தட்டுப்பாடான நாளில் அவன் அண்ணன் அதை 400 மில்லிலிட்டர் அடர்மஞ்சள் சிறுநீரில் அனுப்பிவிடுவான். இவனுக்கு அதே சரக்கை அனுப்ப ஒரு முழு லிட்டர் வேண்டும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த லிட்டர் போயே தீரும். உள்ளே வராத தண்ணீர் ரத்தத்திலிருந்தும் திசுக்களிலிருந்தும்தான் எடுக்கப்படும். உப்பு மிகுந்த பண்டங்களைக் கொறித்தால் சரக்கு கூடும், அதற்கேற்ற தண்ணீரும் கூடுதலாகப் போகும்.

இப்போது அம்மாவின் வரிகளுக்கு வருவோம். சிறுநீர் வெள்ளையாகப் போவது போதுமான தண்ணீருக்கு அடையாளம் இல்லை. இவனுக்கு வேறு நிறத்தில் போகத் தெரியாது. உடம்பு வறண்டிருக்கும் நாளிலும் அது தெளிவாகவே இருக்கும். பரிசோதனைப் பட்டையில் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.010-ஐச் சுற்றியே அசையாமல் நிற்கும். சில நாட்களில் நிறம் அடர்ந்திருந்தால் அதற்கும் வேறு காரணம் இருக்கலாம். அணுக்கள் உடைவதால் வரும் நிறமிகள் நீர் குறையாமலே சிறுநீரைக் கருமையாக்கும். விளையாட்டு வீரர்களுக்காக ஒட்டும் சிறுநீர் நிற அட்டையை இந்தக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஒட்டாமல் இருப்பதே நல்லது.

படுக்கை நனைவது சோம்பேறித்தனமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. இரவிலும் குழாய் திறந்தே இருக்கிறது. ஆறு மணிக்குத் தண்ணீரை நிறுத்தினால் மறுநாள் காலை ஏழு வரை பதின்மூன்று மணி நேரம் வரவு இல்லை, செலவு மட்டும் நடக்கிறது. ரத்தத்தில் நீர் குறைந்தால் சிவப்பணுவுக்குள்ளிருந்தும் நீர் கசியும். உள்ளே ஹீமோகுளோபின் செறிவு கூடும். செறிவு கொஞ்சம் கூடினாலே அது இழை இழையாகத் திரள எடுக்கும் நேரம் பல மடங்கு சுருங்கிவிடும். அணு குறுகலான குழாயைக் கடப்பதற்குள்ளேயே வளைந்துவிடும். நோட்டில் இருந்த நான்கு சேர்க்கைகளில் மூன்று விடியற்காலையில் தொடங்கிய வலி. அதை மட்டும் வைத்துக் காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மாலைத் தண்ணீரை நிறுத்தும் வழக்கத்தை அன்றே விடச் சொன்னேன். நீர் உறிஞ்சும் விரிப்பு, படுக்கும் முன் ஒரு முறை, பெற்றோர் தூங்கப்போகும் முன் எழுப்பி ஒரு முறை: படுக்கைக்கு இவை போதும்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? ஹாலிடே, சீகர் இருவரும் 1957-இல் வகுத்த கணக்குதான் இன்றும் அடித்தளம். முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மி.லி., அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. இவனுக்கு 1000, 500, 10: மொத்தம் 1510 மி.லி. காய்ச்சல், வெயில், விளையாட்டு நாட்களில் ஒன்றரை மடங்கு வரை போகலாம். இதைவிடத் துல்லியமான எண் எதையும் யாரும் நிரூபித்ததில்லை. வலி வந்தபின் எவ்வளவு திரவம் தர வேண்டும் என்பதற்குக்கூடத் தரமான ஒப்பீட்டுச் சோதனைகள் மிகக் குறைவு. மருத்துவமனையில் அளவுக்கு மீறிச் சிரைவழியாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறும் மார்பு நெருக்கடி வரை போகக்கூடும். "நிறைய தண்ணீர்" என்ற அறிவுரைக்கும் ஓர் எல்லை உண்டு.

நிறத்தைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது? ஒன்று, பாட்டில் கணக்கு. பள்ளிக்கு எடுத்துச் சென்ற அரை லிட்டர் பாட்டில் பாதி நிரம்பியே திரும்பி வருவது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. கழிப்பறைக்கு அடிக்கடி அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு அவன் குடிப்பதையே குறைத்திருந்தான். இரண்டு, காலை எடை. எழுந்து, கழிப்பறை போய்விட்டு, அதே தராசில். முந்தைய நாளைவிட அரைக் கிலோ குறைந்தால் அது இரண்டரை விழுக்காடு. ஒரே இரவில் கொழுப்பு அவ்வளவு கரையாது, குறைந்தது நீர்தான். வாய் உலர்தல், தலைசுற்றல், கண்ணீர் வற்றுதல் எல்லாம் தாமதமாக வரும் அடையாளங்கள்.

துத்தநாகம்: எந்த நாளில் எடுத்த ரத்தம்?

துத்தநாகக் குறைவையும் குழந்தைகள் வளராமல் நிற்பதையும் 1960-களின் தொடக்கத்தில் முதலில் இணைத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஆனந்த பிரசாத். அவரும் சக ஆய்வாளர்களும் 1975-இல் அரிவாள் அணு நோயிலும் இந்தக் குறைவு இருப்பதை எழுதினார்கள். காரணம் நம் கதையோடு ஒட்டியது. சிவப்பணுவுக்குள் துத்தநாகம் நிறைய இருக்கிறது. அணு உடையும்போது அது வெளியே கொட்டுகிறது, பழுதான சிறுநீரகம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. உணவில் குறை இல்லாவிட்டாலும் கசிவு இருக்கிறது.

இதை ரத்தத்தில் அளப்பதுதான் தொல்லை. உடம்பின் துத்தநாகத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே பிளாஸ்மாவில் ஓடுகிறது. காய்ச்சலோ அழற்சியோ வந்தால் கல்லீரல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உண்மையில் குறைவில்லாத குழந்தைக்கும் எண் கீழே விழும். சாப்பிட்டால் இறங்கும், மதியத்தில் காலையைவிடக் குறைவாகவே இருக்கும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. ரத்தம் எடுக்கும்போதோ குழாயில் நிற்கும்போதோ அணுக்கள் உடைந்தால் அவற்றின் துத்தநாகம் பிளாஸ்மாவில் கலந்து எண்ணை உயர்த்திவிடும். அரிவாள் அணுக்கள் எளிதில் உடைபவை. ஆகவே ஒரே குழந்தையின் ஒரே மாத ரத்தத்தில் எண் பொய்யாகக் குறையவும் முடியும், பொய்யாகக் கூடவும் முடியும்.

பையனின் தாளில் முதலில் இருந்தது 58 மைக்ரோகிராம், ஒரு டெசிலிட்டருக்கு. பத்து வயதுக்குக் கீழ் காலை ரத்தத்துக்கான கீழ்க்கோடு 65. "குறைவு" என்று அச்சடித்து அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன்: வலிக்காகச் சேர்ந்த ஐந்தாம் நாள். அதே தாளில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 14. அந்த 58-ஐ நான் ஒதுக்கிவைத்தேன். நான்கு வாரம் கழித்து, வலியோ காய்ச்சலோ இல்லாத ஒரு காலையில், உலோகக் கலப்பில்லாத குழாயில் எடுத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரித்து அளந்தபோது 61. சி.ஆர்.பி. 2. பிளாஸ்மாவில் சிவப்புச் சாயல் இல்லை. இந்த 61-ஐத்தான் நம்பினேன். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் மூன்றே. ஆனால் முதலாவது நோயைப் பற்றிப் பேசியது, இரண்டாவது துத்தநாகத்தைப் பற்றி.

கொடுத்தால் பலன் இருக்குமா? 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பருவமடையாத 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் 42 பேரைச் சேர்த்து, ஒரு சாராருக்குத் தினம் 10 மி.கி. துத்தநாகம், மற்றவருக்கு வெற்று மருந்து என ஓராண்டு கொடுத்தார்கள். துத்தநாகம் பெற்றவர்கள் சராசரியாக 0.66 செ.மீ. கூடுதலாக வளர்ந்தார்கள். சிறிய எண்ணிக்கை, சிறிய பலன், ஆனாலும் உண்மையான பலன். "வளர்ச்சி டானிக்" என்று விற்பவர்கள் இந்த 0.66-ஐச் சொல்லிவிட்டு விற்றால் நன்றாயிருக்கும். தொற்றுகளைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு 2023-இல் வெளியான உகாண்டாக் குழந்தைகளின் சோதனையில் ஆதரவு கிடைக்கவில்லை.

இவனுக்குத் தினம் 10 மி.கி., ஆறு மாதம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்தோம். உணவுக்குப் பின், ஏனென்றால் வெறும் வயிற்றில் குமட்டும். மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் எடை உப்பின் எடையா, அதில் உள்ள துத்தநாகத்தின் எடையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாக சல்பேட்டில் கால் பங்குக்கும் குறைவே துத்தநாகம். வயிற்றுப்போக்குக்காக இரண்டு வாரம் கொடுக்கும் 20 மி.கி. மாத்திரைகள் வீட்டில் மிஞ்சியிருந்தால், "அதுவும் துத்தநாகம்தானே" என்று மாதக்கணக்கில் தொடர்வதுதான் நான் அஞ்சுவது. துத்தநாகம் மிகுந்தால் குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவது தடைபடும். தாமிரம் குறைந்தால் ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் சரியும். ஹைட்ராக்ஸியூரியாவின் பக்கவிளைவும் அப்படியேதான் தெரியும் என்பதால், குற்றமற்ற மருந்தை நிறுத்திவிட்டு, காரணமான மாத்திரையைத் தொடரும் நிலைகூட வரலாம்.

ஃபோலேட்: மாத்திரையும் தாளும்

மஜ்ஜை இவ்வளவு வேகமாக அணு செய்தால் ஃபோலேட் செலவாகும் என்பது நேரான தர்க்கம். அதனால்தான் தினம் ஒரு மில்லிகிராம் என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. தர்க்கம் வலுவானது, சான்று மெலிந்தது. ஜமைக்காவில் 117 சிறு குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தி 1983-இல் வெளியான சோதனையில், மாத்திரை பெற்றவர்களின் ஹீமோகுளோபின் மற்றவர்களைவிட உயரவில்லை. உணவே சரியாகக் கிடைக்காத குழந்தைக்கு மாத்திரை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நன்றாக உண்ணும் குழந்தைக்கு அது பெரும்பாலும் நம் மன அமைதிக்குத்தான்.

அளவிடும்போது மூன்று இடத்தில் வழுக்கும். சீரம் ஃபோலேட் கடைசிச் சில நாட்களின் வரவைக் காட்டும்; மாத்திரை சாப்பிடுபவனுக்கு அது எப்போதும் உயர்ந்தே இருக்கும். சிவப்பணு ஃபோலேட் நீண்டகாலச் சேமிப்பைக் காட்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அணு 120 நாள் வாழ்ந்தால் அது சரி. ஃபோலேட் அணு உருவாகும்போதே உள்ளே போவது, இளம் அணுக்களில் அதிகம். இவன் ரத்தம் முழுக்க இளம் அணுக்கள்தான். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் நாம் அளப்பது முன்பின் தெரியாத ஒரு கொடையாளியின் ஃபோலேட்டை. மூன்றாவது, அணுவின் பருமன். ஃபோலேட் குறைந்தால் அணு பெரிதாகும், உண்மைதான். அந்தப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. இவனுக்கு 104. ஆனால் ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுபவனுக்கு அது ஏறத்தான் செய்யும். மருந்தை ஒழுங்காக விழுங்குகிறான் என்பதற்கே அது சாட்சி.

எனவே இவனிடம் நான் பார்த்தது இளம் சிவப்பணு விழுக்காட்டை. ஹீமோகுளோபின் 8.1, அவன் வழக்கமான அளவு 8.3, இளம் அணுக்கள் 9 விழுக்காடு. உடைவதற்கு ஏற்ப மஜ்ஜை செய்துகொண்டிருக்கிறது, சரக்குத் தட்டுப்பாட்டில் நின்றுபோகவில்லை. ஹீமோகுளோபினும் விழுந்து இளம் அணுக்களும் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே போனால் கதை வேறு. சில நாட்களுக்குள் அப்படி நடந்தால் முதல் சந்தேகம் மஜ்ஜையில் அணு உருவாவதையே நிறுத்தும் பார்வோ வைரஸ் பி19 மீது. ஃபோலேட் மெல்ல, வாரக்கணக்கில்தான் மஜ்ஜையை முடக்கும். திடீர் வெளிறலுக்கு வீட்டில் ஃபோலிக் ஆசிடைக் கூட்டிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. கையும் காலும் மரத்துப்போவதாகச் சொன்னால் பி12-ஐப் பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைச் சரிசெய்து காட்டிக்கொண்டே நரம்புச் சேதத்தைத் தொடர விடும்.

டானிக் கேள்வி இன்னும் பாக்கி. அம்மா கொண்டுவந்திருந்த பாட்டிலில் பின்பக்கச் சிறு எழுத்தில் இரும்பு இருந்தது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்காமல், எத்தனை முறை ரத்தம் ஏற்றியது என்று தெரியாமல், இரத்தசோகை என்ற பெயரை மட்டும் நம்பி இவர்களுக்கு இரும்பு கொடுப்பதில்லை. உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்குகிறது, ஏற்றிய ரத்தத்தின் இரும்பும் தங்குகிறது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதில் இரண்டு வேளைச் சிற்றுண்டியைக் கொழுப்பும் புரதமும் சேர்த்துக் கனமாக்கச் சொன்னேன். வலி வந்த பிறகு இரண்டு வாரம் கூடுதலாக ஒரு வேளை. பள்ளிக்கு ஒரு கடிதம்: பாட்டில் மேசை மேலேயே இருக்கலாம், கேட்காமலே கழிப்பறை போகலாம்.

ஆறு மாதத்தில் 124.1 செ.மீ., 21.9 கிலோ. ஆண்டுக் கணக்கில் 5.2 செ.மீ. வேகம். துத்தநாகம் 74, தாமிரம் சரியான எல்லைக்குள். இடையில் ஒரே ஒரு முறைதான் சேர்க்கை. துத்தநாகமா, சிற்றுண்டியா, குறைந்துபோன வலி நாட்களா, எது வளர்த்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். துத்தநாகத்தை இப்போது நிறுத்திவிட்டு மற்றவற்றை அப்படியே தொடர்கிறான். அடுத்த அளவு ஆறு மாதம் கழித்து, காலை பத்து மணிக்குள், அதே சுவரில் மாட்டிய அதே அளவுகோலில். நோட்டில் அம்மா தேதியைக் குறித்துக்கொண்டார். பக்கத்திலேயே பென்சிலால் "பாட்டில் காலி" என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருந்தார், தினமும் டிக் அடிப்பதற்கு.